பன்னிரண்டரைக்கு முடிந்த போட்டி

என் தொழில் பிழை பிடிப்பது. வெள்ளவத்தையில் வீடு, கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எங்கே உடையும் என்று தேடிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால்தான் எங்கள் கம்பனி கொட்டாஞ்சேனையில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு ஹேக்கத்தான் நடத்த முடிவுசெய்தபோது, எங்கள் பகுதியின் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“உமக்குத்தான் எல்லாத்திலயும் ஓட்டை தெரியும். ஓட்டை இல்லாம ஒண்டைச் செய்து தாரும் பாப்பம்” என்றார்.

ஹேக்கத்தான் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பிரச்சினையைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் அதற்கு ஒரு மென்பொருளைச் செய்து காட்டச் சொல்லும் போட்டி. அணி அணியாக இருந்து செய்வார்கள். முடிவில் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். நான் படிக்கிற காலத்தில் இப்படி மூன்று போட்டிகளுக்குப் போய், மூன்றிலும் மனம் கசந்து திரும்பியவள். ஒன்றில் பிரச்சினை என்னவென்று சில பேருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. இன்னொன்றில் நல்ல ஆங்கிலம் பேசிய அணி, ஒன்றுமே செய்யாமல் வெறும் படங்களைக் காட்டி வென்றது. நான் செய்வதில் அப்படி ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான்கு மாதம் ஆயத்தம் செய்தேன். முதல் வேலை பிரச்சினைகளைத் தேடுவது. “சுகாதாரத்துக்கு ஒரு செயலி செய்க” என்று பொதுவாக எழுதிவைத்தால் பிள்ளைகள் எதையும் செய்வார்கள், நடுவர்களால் எதையும் அளக்க முடியாது. யாருக்கு, என்ன கஷ்டம், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், எது நடந்தால் தீர்ந்தது என்று சொல்லலாம். இந்த நான்கும் ஒரு பக்கத்துக்குள் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். பேலியகொடை மீன் சந்தைக்கு விடியப் போய், சைக்கிளில் மீன் விற்கிற மனிதரோடு கதைத்து ஒரு பக்கம் எழுதினேன். மருதானையில் பழைய கணினி உதிரிப்பாகம் விற்பவர்களிடம் கேட்டு இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கம் கொட்டாஞ்சேனையில் பிளவுஸ் தைக்கிற ஒரு அம்மாவிடமிருந்து வந்தது.

அவர் ஒற்றை அறை வீட்டில் தையல் மெஷினோடு இருந்தார். கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில். நான் பிரச்சினை தேடி வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார். பிறகு எழுந்து, மெஷினுக்குக் கீழே இருந்த ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே முழுக்கக் கடிதங்கள். எல்லாம் சிங்களத்தில் அச்சடித்தவை.

“எனக்குச் சிங்களம் நல்லாப் பேச வரும் மிஸ். வாசிக்கத் தெரியாது. இது எதுக்கு வந்திச்சு, எது அவசரம், எது வெறும் விளம்பரம், ஒண்ணும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போய்ட்டு வந்து வாசிச்சுச் சொல்லும். அதுக்கும் சில நாள் அலுப்பு. எத்தினை தடவைதான் கேக்கிறது?”

ஒரு கடிதத்தை அவரே பிரித்துக் காட்டினார். அதில் குறித்திருந்த ஒரு விசாரணை நாள் அவருக்குத் தெரிய வந்தபோது அது போய் ஒன்பது நாளாகியிருந்தது. நான் அங்கேயே தரையில் இருந்து எழுதினேன்: கைப்பேசியில் கடிதத்தைப் படம் எடுத்தால், அது எங்கிருந்து வந்தது, என்ன கேட்கிறது, எந்தத் திகதிக்குள் என்று மூன்றையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்த அம்மா தனியாக இருந்து பயன்படுத்தக்கூடியதாக இருக்கவேண்டும்.

“இது உண்மையிலயே வருமா மிஸ்?” என்று கேட்டார்.

“வரும்” என்றேன்.

அடுத்தது நேரம். கம்பனி இருபத்துநான்கு மணித்தியாலம் தொடர்ந்து நடத்தத்தான் விரும்பியது. இரவு தங்குவதென்றால் பாதிப் பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள் என்று வாதாடி, சனியும் ஞாயிறும் பகலில் மட்டும் என்று மாற்றினேன். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்தி ஒப்படைக்கவேண்டும். பதினான்கு அணி. ஒவ்வொன்றுக்கும் செய்துகாட்ட ஐந்து நிமிடம், கேள்விக்கு மூன்று, அடுத்த அணி ஏறி இறங்க இரண்டு. மொத்தம் இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம். இரண்டரைக்குத் தொடங்கினால் ஐந்துக்குள் முடிந்துவிடும். நடுவர்கள் அவசரமில்லாமல் ஆறுதலாகப் புள்ளி கூட்ட அரை மணித்தியாலம். ஐந்தரைக்குப் பரிசு.

வழிகாட்டிகள் ஐந்து பேர் கிடைத்தார்கள். ஒவ்வொரு அணிக்கும் சனி ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை, இருபது நிமிடம் வழிகாட்டியோடு இருக்கலாம். யார் எப்போது என்பதை எல்லாருக்கும் முன்னால் சீட்டு எடுத்துத் தீர்மானித்தோம். சனிக்கிழமை முதலில் வந்தவர்கள் ஞாயிறு கடைசியில் வருமாறு வரிசையைத் திருப்பிப்போட்டேன். இல்லாவிட்டால் ஒரே அணிக்கே இரண்டு நாளும் பிந்திய நேரம் போய்விடும். புள்ளிக்கு ஐந்து அம்சம். பேச்சுத் திறமைக்குப் பத்துப் புள்ளிதான் வைத்தேன். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசலாம். ஆகக் கூடுதலான முப்பது புள்ளி, அணி முன்பு காணாத ஒன்றைக் கொடுத்தால் அவர்களின் மென்பொருள் வேலை செய்கிறதா என்பதற்கு. அதற்காக ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு சோதனைப் பொருளை நானே தயாரித்து, உறையில் போட்டு ஒட்டினேன். கடிதப் பிரச்சினைக்கு, இலக்கங்கள் கொஞ்சம் மங்கலாக அச்சான ஒரு சிங்களக் கடிதம். இப்படி ஒன்றைத்தான் அந்த அம்மாவும் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார் என்று தேடிப்பிடித்தது.

இதெல்லாம் எழுதி முடித்த நாளில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை நன்றாகவே நடந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மின்சாரம், இணையம் எல்லாவற்றையும் மருதானையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிற ஒருவர் பார்த்துக்கொண்டார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடையைப் பூட்டிவிட்டு, நீளநீளமான வயர்களோடு வந்திருந்தார்.

கடிதப் பிரச்சினையை இரண்டு அணி எடுத்தன. அதில் ஒன்று மூன்று பெண்பிள்ளைகள். மூவரும் கொட்டாஞ்சேனைக்காரர், ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம். தையல்கார அம்மாவை அன்று காலை மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தேன், பிள்ளைகள் நேரே கேள்வி கேட்கட்டும் என்று. மற்ற அணி பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போய்விட்டது. இந்த மூவரும் அவரை விடவில்லை. பை முழுவதையும் கவிழ்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் படம் எடுத்து, “இதை எப்பிடிப் பிடிப்பீங்க? வெளிச்சம் எங்க இருந்து வரும்? கண்ணாடி போட்டுத்தான் பாப்பீங்களா?” என்று மத்தியானம் வரை கேட்டார்கள். அவர்களில் ஒருத்திதான் எப்போதும் பேசுவாள். மெலிந்த பிள்ளை, வேகமான பேச்சு.

மாலையில் என்னிடம் வந்தாள். “அக்கா, எழுத்து ஓரளவுக்கு வருது. மொழிபெயர்ப்பும் வருது. ஆனா கடிதம் மடிஞ்சோ நிழல் விழுந்தோ இருந்தா இலக்கமெல்லாம் பிழைக்குது. திகதி பிழைச்சா பிறகு என்னத்துக்கு?”

சரியான கேள்வி. ஐந்து வழிகாட்டிகளில் ஒருவர் பட எழுத்து வாசிக்கும் வேலையையே தொழிலாகச் செய்பவர். சனிக்கிழமை அவருக்கு வேலை. ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து பதினொன்றரைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரை நான்கு அணி கேட்டிருந்தன. சீட்டில் இந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி நேரம் விழுந்திருந்தது. பன்னிரண்டரையிலிருந்து பன்னிரண்டு ஐம்பது.

“பரவாயில்லை அக்கா. அதுக்குப் பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்குத்தானே” என்றாள். “அவர்ட கேட்டிட்டு வந்து திருத்திருவம். அதுவரைக்கும் மத்ததெல்லாம் முடிச்சு வச்சிருக்கிறம்.”

ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு மேலாளர் மண்டபத்துக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. என்னை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். நானாவும் அங்கே ஒரு பிளக்கைத் திருத்திக்கொண்டு இருந்தார்.

“சின்னப் பிரச்சினை ஒண்டு” என்றார் மேலாளர். “பிரதம விருந்தினர் வெளிநாட்டில இருந்து வந்த கம்பனி டைரக்டர் எண்டு தெரியும்தானே. அவற்ற ஃப்ளைட்டை மாத்திப்போட்டாங்கள். நாலு மணிக்கு இஞ்ச இருந்து வெளிக்கிட வேணுமாம். பரிசை மூண்டரைக்குக் குடுக்கோணும்.”

“எப்பிடி அண்ணா? ரெண்டு மணி வரைக்கும் பிள்ளையளுக்கு நேரம் குடுத்திருக்கிறம்.”

“நீர்தானே கணக்குப் போட்டனீர். ரெண்டு மணித்தியாலம் இருபது நிமிஷம். ஒரு மணிக்குத் தொடங்கினா மூண்டு இருபதுக்கு முடியும். பன்னிரண்டரைக்கு நிப்பாட்டுவம். எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே குறையுது. ஒருத்தருக்கும் அநியாயம் இல்லை.”

நானா பிளக்கைக் கீழே வைத்தார்.

“அவர மூண்டரைக்கு வரச் செல்லுங்க சேர். வந்து நல்லாப் பேசட்டும், படம் எடுக்கட்டும், போகட்டும். பரிசு பொறகு குடுக்கலாம். புள்ளைகள்ட நேரத்துல கை வெக்க வாணாம். செவுத்துல ஒட்டி இரிக்கி ரெண்டு மணின்னு.”

மேலாளர் நானாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “டைரக்டர் பரிசு குடுக்கிற படம் இல்லாட்டி அடுத்த வருஷம் இது நடக்காது. நான் வெளிப்படையாவே சொல்லுறன். உம்மட பேரும் இதில இருக்கு. நீர் விளங்கிக்கொள்ளும்.”

அவர் மிரட்டவில்லை. கெட்ட மனிதரும் இல்லை. மிரட்டியிருந்தால் நான் எதிர்த்திருப்பேனோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அதையும் அந்த நேரத்தில் நினைத்தேன். அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இல்லாமல் போகக்கூடாது என்பதற்காகச் சம்மதித்தேன் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் முதலில் மனதில் வந்தது பதவி உயர்வு.

“சரி” என்றேன்.

 நானா பிளக்கை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார். அன்று முழுவதும் என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு கதைக்கவில்லை.

ஒலிவாங்கியில் நான்தான் அறிவித்தேன். சுவரில் இருந்த நேர அட்டவணையில் இரண்டு மணியை மார்க்கரால் வெட்டி, பன்னிரண்டு முப்பது என்று நானே எழுதினேன். மண்டபத்தில் கொஞ்சம் சலசலப்பு. சில அணிகள் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தன. அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார்கள். அந்த மெலிந்த பிள்ளை எழுந்து என்னிடம் வந்தாள்.

“அக்கா, எங்கட ஸ்லொட்டே பன்னிரண்டரைக்குத்தானே. அப்ப நாங்க முடிச்ச பிறகா அவர்ட கேக்கிறது?”

“அதை மாத்துறன். இரும்” என்றேன்.

வழிகாட்டியைக் கொஞ்சம் முந்தி வரச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். பூசையில் இருந்திருப்பார், போனை நிறுத்திவைத்திருந்தார். பதினொன்றரைக்கு முதல் நேரம் விழுந்திருந்த அணியிடம் போய், இவர்களோடு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“சொரி அக்கா. எங்களுக்கும் நேரம் குறைஞ்சிட்டுது. சீட்டில வந்தது எங்களுக்குத்தானே” என்றான் ஒருவன்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. இரு அணியும் சம்மதித்தால் மட்டும் மாற்றலாம் என்று விதி எழுதியவள் நான். கடைசியில் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: நான்கு அணிக்கும் இருபது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணி வந்தது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். வழிகாட்டி நல்லவர், கெட்டிக்காரர். படத்தைப் பார்த்த உடனே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“நீங்க முழுப் படத்துக்கும் ஒரே அளவில கறுப்பு வெள்ளை பிரிக்கிறீங்கள். நிழல் விழுந்த பக்கம் அடிபட்டுப் போகுது. படத்தைச் சின்னச் சின்னப் பகுதியாப் பாத்து, அந்தந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரிப் பிரிக்கோணும். அதுக்கு முதல் கடிதத்தின்ர நாலு மூலையையும் பிடிச்சு நேராக்குங்கோ. பிறகு, திகதி வாற இடத்தைத் தனியா வெட்டி எடுத்து ரெண்டாவது தரம் வாசியுங்கோ. ரெண்டு வாசிப்பும் ஒத்துவராட்டி, தெரியேல்ல எண்டு சொல்லச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலம் இருந்தாச் செய்து போடலாம்.”

மூவரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். இருபது நிமிடம் இருந்தது.

“முதலாவதை மட்டும் செய்வம்” என்றாள் அவள். மூன்று பேரும் ஒரே கணினியில் குனிந்தார்கள். நான் அங்கே நிற்க முடியாமல் விலகிப் போனேன். பன்னிரண்டரைக்கு நான்தான் மணி அடித்தேன். அதற்குப் பிறகு ஒப்படைத்த எதுவும் ஏற்றுக்கொள்ளப்படாது. கணினியே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரம் பதிந்துகொள்ளும். அவர்களின் கடைசி மாற்றம் பன்னிரண்டு இருபத்தெட்டு.

நடுவர்கள் மூன்று பேர். தொடங்க முன்பு அவர்களுக்கு மாதிரியாக ஒரு பழைய மென்பொருளைக் காட்டி, மூவரையும் தனித்தனியே புள்ளி போடச்செய்து, யார் கடுமை, யார் இளக்கம் என்று பேசி ஒத்துவரச் செய்வதாக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டையும் அந்த இடைவெளியிலேயே முடிக்கவேண்டியிருந்ததால், அதற்கு வைத்திருந்த இருபது நிமிடமும் போய்விட்டது. ஒரு நடுவர், வயதான பேராசிரியர், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நேரத்தைக் குறைச்சதெண்டு கேள்விப்பட்டன். புள்ளி போடேக்குள்ள நாங்கள் கவனிக்கவேண்டியது ஏதும் இருக்கோ?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இந்த அணிக்கு வழிகாட்டியின் நேரம் இப்படி அடிபட்டது, கவனியுங்கள் என்று இரண்டு வசனம் போதும். மேலாளர் இரண்டு கதிரை தள்ளி இருந்தார்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் குறைஞ்சது சேர்” என்றேன்.

ஒன்பதாவதாக அந்த மூன்று பிள்ளைகளும் மேடைக்கு வந்தார்கள். தையல்கார அம்மா முன்வரிசையில் இருந்தார். நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். அவள் தமிழில் பேசினாள். பிரச்சினையை அவ்வளவு தெளிவாக நான் எழுதிய பக்கம்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் பையிலிருந்த ஒரு கடிதத்தைப் படம் எடுத்தாள். கைப்பேசி சொன்னது: “இது தண்ணீர்க் கட்டணப் பட்டியல். இந்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும்.” மண்டபம் கைதட்டியது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு பேராசிரியர் நான் ஒட்டிய உறையைப் பிரித்தார். அந்தக் கடிதத்தை மடிப்போடு மேசையில் வைத்தார். பிள்ளை படம் எடுத்தாள். கைப்பேசி அது எந்த வகை அலுவலகம் என்று சரியாகச் சொன்னது. என்ன கேட்கிறது என்பதையும் ஏறக்குறையச் சரியாகச் சொன்னது. பிறகு திகதி. கடிதத்தில் பதினொன்று. கைப்பேசி பதினேழு என்றது.

எனக்கு மட்டும்தான் சரியான விடை முன்பே தெரியும். பேராசிரியர் கண்ணாடியை உயர்த்தி வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆறு நாள் பிந்துது பிள்ளை. இந்தத் திகதியை நம்பி ஒரு ஆள் போனா என்ன நடக்கும்? பிழையாச் சொல்லுறதை விட ஒண்டும் சொல்லாமல் இருக்கிறது நல்லமெல்லோ?”

“ஓம் சேர்” என்றாள் அவள். “அது எங்களுக்கும் தெரியும். அதுக்குத்தான் ரெண்டு மணி வரைக்கும் நேரம் வேணுமா இருந்திச்சு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.  ஆனால் நடுவர் ஒருவர் அதை வெறும் சாட்டு, தப்பிக்கச் சொல்லும் காரணம் என்று எடுத்துக்கொண்டார் என்பதை அவர் புள்ளித்தாளில் பிறகு பார்த்தேன். நான் சுவர் ஓரமாக நின்றேன். நானா இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

அவர்கள் நாலாவதாக வந்தார்கள். மூன்றாவது அணிக்கும் இவர்களுக்கும் இரண்டு புள்ளி வித்தியாசம். பரிசு மூன்றுக்குத்தான். இரண்டு மணி வரைக்கும் விட்டிருந்தால் வென்றிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடத்தில் செய்ய முடியாததை எழுபது நிமிடத்தில் செய்திருப்பார்களா என்பதை இனி எவராலும் சோதித்துப் பார்க்க முடியாது. வேலையில் ஒரு பிழை வந்தால், அதே நிலைமையைத் திரும்ப உண்டாக்கிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்போம். இதைத் திரும்ப உண்டாக்க வழியில்லை.

டைரக்டர் பரிசு கொடுத்தார். படம் எடுத்தார்கள். நாலு மணிக்கு முன்பே புறப்பட்டுவிட்டார்.

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தையல்கார அம்மா என்னிடம் வந்தார். “திகதிதான் மிஸ் பிழைச்சிருச்சு. மத்ததெல்லாம் சரியாச் சொல்லிச்சுதானே? அப்ப இனி அது வருமா?”

களைத்துப்போயிருந்தேன். அழுகை வரும்போல இருந்தது. அவரை ஏமாற்றத்தோடு அனுப்ப மனம் வரவில்லை. “ஓம் அம்மா. அந்தப் பிள்ளையள் திருத்தித் தருவினம். ஒரு மாசத்துக்குள்ள உங்கட போன்லயே போட்டுத் தருவம்” என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமையும் இல்லை. பிள்ளைகளைக் கேட்கவில்லை. கம்பனியைக் கேட்கவில்லை.

அடுத்த நாளே மேலாளரிடம் போய், அந்த அணிக்கு மூன்று மாதம் வழிகாட்டியும் மென்பொருளை ஓடவிட ஒரு சேர்வர் இடமும் கொடுக்கலாமா என்று கேட்டேன். “நல்ல யோசனை. அடுத்த காலாண்டில பாப்பம்” என்றார். ஒவ்வொரு அணிக்கும் நடுவர்களின் குறிப்போடு புள்ளித்தாளை ஒரு கிழமைக்குள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன், அதை மட்டும் சரியாகச் செய்தேன். பிள்ளைகளுக்கு அனுப்பிய மின்னஞ்சலில், நேரம் குறைந்ததால் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக நட்டம் வந்தது, அது என் பிழை என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. “பரவாயில்லை அக்கா. எங்களுக்கு இப்ப பரீட்சை. இதை விட்டிட்டம்.” அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வழிகாட்டி இரண்டு தடவை அழைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை என்றார்.

நானே செய்யலாம் என்று ஒரு சனிக்கிழமை கணினியோடு இருந்தேன். பிள்ளைகள் எழுதியது அவர்களுக்கே சொந்தம் என்பது போட்டி விதி. அதைத் தொடக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது தையல்கார அம்மா தொலைபேசியில் அழைத்தார். “மிஸ், ஒரு கடிதம் வந்திருக்கு. அந்த மெஷின் இன்னும் வரலதானே. அவசரம் இல்ல. நீங்க இந்தப் பக்கம் வந்தா ஒருக்கா வாசிச்சுச் சொல்றீங்களா?”

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தையல் மெஷினுக்கு மேலே, ஒரு பிளவுஸ் துணிக்குக் கீழே அந்தக் கடிதம் இருந்தது. அரசாங்கம் வீடு கொடுக்கும் ஆட்களின் பட்டியல் பற்றியது. அவருடைய பெயர் பட்டியலில் இல்லை, ஆட்சேபம் இருந்தால் குறித்த திகதிக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. நான் திகதியை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். அது போய் ஐந்து நாளாகியிருந்தது.

“இது எப்ப வந்தது அம்மா?”

“மூணு கிழமை இருக்கும்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டக் குடுக்கேல்லையா?”

“அதுக்குக் குழந்தை கிடைச்சிருக்கு, பாவம். நீங்கதான் ஒரு மாசத்தில வரும்னு சொன்னீங்களே மிஸ். நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு வச்சிருந்தேன்.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழுந்தார். திகதி போய்விட்டது என்று நான் சொன்னபோது கையில் கேத்தலோடு திரும்பிக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரை நிரப்பினார்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டு, அவரோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். மேசையில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “தவச பஹு வெலானே” என்றார், நாள் கடந்துவிட்டதே என்று. நான் சிங்களத்தில் விளக்கினேன். வாசிக்கத் தெரியாதவர், தனியாக இருக்கிறார், ஒரு கருணையாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். அவர் தான் குடித்ததற்குத் தானே கொடுப்பதாகப் பிடிவாதம் பிடித்தார். வெள்ளிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்கு ஆறு பிளவுஸ் கொடுக்கவேண்டும், நேரம் போகிறது என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. இரண்டு தடவை போய்க் கேட்டேன். மேலே இருக்கிறது என்றார்கள். பதவி உயர்வு கிடைத்தது. அதை வீட்டில் சொன்ன அன்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.